தலைப்பில் ‘காரணமாக’ வேண்டுமா?

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி. சில வாரங்களாகவே சிங்கப்பூரைப் புகைமூட்டம் சூழ்ந்திருந்தது. இந்தோனேசியாவில் எரிந்த காட்டுத் தீயிலிருந்து வந்த புகை அது. அன்று காற்றின் தரம் மேலும் மோசமடைந்தது. மறுநாள் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது.

அந்தச் செய்திக்குத் தலைப்பு எழுதும் வேலை ஒரு துணையாசிரியரிடம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அறிவிப்பு அவர் கைக்கு ஆங்கிலத்தில் வருகிறது. அதில் ‘டியூ டு’ என்ற தொடர் இருக்கிறது. ‘இன் ஆர்டர் டு’ என்ற தொடரும் இருக்கிறது. முதல் தொடர் காரணத்தைச் சொல்கிறது. இரண்டாவது நோக்கத்தைச் சொல்கிறது. பள்ளிகளை மூடுவதற்குக் காரணம் புகைமூட்டம். நோக்கம் மாணவர்களின் உடல்நலத்தைக் காப்பது. துணையாசிரியர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தலைப்பு இப்படி அமையும்:

புகைமூட்டத்தின் காரணமாக மாணவர்களின் உடல்நலத்தைப் பாதுகாக்கும் பொருட்டு நாளை பள்ளிகள் மூடப்படும்

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால், செய்தித்தாளின் இரண்டு பத்திகளுக்குள் இது அடங்காது. கைப்பேசித் திரையிலோ பாதிக்குமேல் மறைந்துவிடும். அப்படி மறையும் பகுதியில்தான் ‘நாளை பள்ளிகள் மூடப்படும்’ என்ற செய்தியே இருக்கிறது. காலையில் அவசரமாகப் பார்க்கும் பெற்றோர் ‘புகைமூட்டத்தின் காரணமாக மாணவர்களின் உடல்நலத்தை...’ என்பதுவரை படித்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடக்கூடும்.

ஆகவே, காரணத்தையும் நோக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லத் தமிழில் என்ன வழிகள் உள்ளன, அவற்றை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக்கூடாது என்று பார்ப்போம்.

காரணத்தைச் சொல்லும் ‘ஆல்’

ஆங்கிலத்தில் காரணத்தைச் சொல்லத் தனிச்சொற்கள் தேவைப்படுகின்றன. தமிழில் அந்த வேலையைப் பெயர்ச்சொல்லின் ஈற்றில் சேரும் ஓர் உருபே செய்துவிடுகிறது. அதுதான் ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு.

‘புகைமூட்டத்தின் காரணமாக’ என்பதில் 13 எழுத்துகள் உள்ளன. ‘புகைமூட்டத்தால்’ என்பதில் 8 எழுத்துகளே உள்ளன. பொருள் மாறவில்லை. எனவே, தலைப்பை இப்படி மாற்றலாம்:

புகைமூட்டத்தால் நாளை பள்ளிகள் மூடல்

‘மூடப்படும்’ என்ற வினைமுற்று ‘மூடல்’ என்ற தொழிற்பெயராக மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். தலைப்புகள் பெரும்பாலும் இவ்வாறு தொழிற்பெயரிலோ ‘ரத்து’, ‘தடை’, ‘அறிவிப்பு’ போன்ற பெயர்ச்சொற்களிலோ முடிகின்றன.

இன்னும் சுருக்க வேண்டுமானால் உருபையும் நீக்கிவிட்டு, முக்காற்புள்ளி இடலாம்:

புகைமூட்டம்: நாளை பள்ளிகள் மூடல்

முக்காற்புள்ளிக்கு முன்னால் நிகழ்வு, பின்னால் அதன் விளைவு. இரண்டுக்கும் உள்ள தொடர்பை வாசகரே இணைத்துக்கொள்கிறார்.

வினைச்சொல்லோடு வரும் ‘காரணத்தினால்’ என்பதையும் இவ்வாறே குறைக்கலாம். ‘மழை பெய்த காரணத்தினால் ஆட்டம் ரத்து’ என்பதில் ஒரே கருத்து இருமுறை வருகிறது. ‘காரணம்’ என்ற சொல்லும் காரணத்தைச் சொல்கிறது. அதில் ஒட்டியிருக்கும் ‘ஆல்’ உருபும் காரணத்தைச் சொல்கிறது. ‘மழை பெய்ததால் ஆட்டம் ரத்து’ என்றாலே போதும்.

இங்கே ஓர் எழுத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். பின்வரும் இரு தலைப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

மழை பெய்ததால் ஆட்டம் ரத்து
மழை பெய்தால் ஆட்டம் ரத்து

முதல் தலைப்பின்படி மழை பெய்துவிட்டது, ஆட்டம் நடைபெறாது. இரண்டாவதன்படி மழை இன்னும் பெய்யவில்லை. ஒருவேளை பெய்தால்தான் ஆட்டம் நடைபெறாது. ‘பெய்ததால்’ என்பது காரணம். ‘பெய்தால்’ என்பது நிபந்தனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ‘த’ தான். நீண்ட வாக்கியத்தில் இந்தப் பிழை நேர்ந்தால், ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற வினைமுற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தலைப்பிலோ ‘ரத்து’ என்ற பெயர்ச்சொல்லுக்குக் காலம் இல்லை. எனவே, பிழை வெளியில் தெரியாது. வாசகர் தவறான செய்தியோடு போய்விடுவார். இந்த இடர்ப்பாடு இல்லாத வழி, வினையைத் தவிர்த்துப் பெயர்ச்சொல்லோடு உருபைச் சேர்ப்பது: ‘மழையால் ஆட்டம் ரத்து’. இதில் எழுத்தும் குறைவு, குழப்பமும் இல்லை.

நோக்கத்தைச் சொல்லும் ‘செய’ எச்சம்

நோக்கத்தைச் சொல்லவும் தமிழில் நீண்ட தொடர்கள் உண்டு. ‘கட்டுப்படுத்த வேண்டும் என்ற நோக்கத்துடன்’, ‘கட்டுப்படுத்தும் பொருட்டு’, ‘கட்டுப்படுத்துவதற்காக’ ஆகிய மூன்றும் ஒரே பொருளைத் தருகின்றன. இவை சொல்வதை ‘கட்டுப்படுத்த’ என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது. இது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். படிக்க, பார்க்க, தடுக்க, குறைக்க, காக்க என்பவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சலை எதிர்க்கும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரியைக் கொண்ட ஆண் கொசுக்கள் 2016ஆம் ஆண்டு முதல் சில குடியிருப்பு வட்டாரங்களில் விடப்பட்டு வருகின்றன. ஆண் கொசுக்கள் மனிதரைக் கடிப்பதில்லை. இவற்றோடு இணையும் பெண் கொசுக்கள் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆகவே, கொசுக்களின் எண்ணிக்கை குறைகிறது. இந்தச் செய்திக்கு மூன்று தலைப்புகள்:

டெங்கியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நோக்கத்துடன் ஆண் கொசுக்கள் விடுவிப்பு
டெங்கியைக் கட்டுப்படுத்துவதற்காக ஆண் கொசுக்கள் விடுவிப்பு
டெங்கியை ஒடுக்க ஆண் கொசுக்கள்

முதல் தலைப்பில் நோக்கத்தைச் சொல்லும் பகுதி மட்டும் 22 எழுத்துகள் நீள்கிறது. இரண்டாவதில் அது 13 எழுத்துகள். மூன்றாவதில் ‘ஒடுக்க’ என்ற 4 எழுத்துகள்தாம். தலைப்பு எழுதுவோர் எச்சத்தை மட்டும் மாற்றுவதில்லை. ‘கட்டுப்படுத்து’ போன்ற நீண்ட வினைக்குப் பதிலாக ‘ஒடுக்கு’, ‘தடு’, ‘காண்’, ‘கா’ போன்ற குறுகிய வினையையும் தேடுகிறார்கள். அதோடு, ‘விடுவிப்பு’ என்ற சொல்லையும் இங்கே விட்டுவிட்டார்கள். கொசுவை ஒழிக்கக் கொசுவா என்ற வியப்பு வாசகரை உள்ளே இழுத்துவிடும். எஞ்சியதைச் செய்தி சொல்லிவிடும்.

ஆனால், இந்த எச்சத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கோரிக்கை, மறுப்பு, உத்தரவு, அனுமதி, அழைப்பு போன்ற சொற்களுக்கு முன்னால் வரும்போது, ‘செய’ எச்சம் நோக்கத்தைக் காட்டுவதில்லை. எதைக் கோருகிறார்கள், எதற்கு மறுக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது.

சந்தையில் மக்கள் நெரிசல் கூடிவிட்டது. நடைபாதையில் வைத்துள்ள பொருள்களை அகற்றும்படி அதிகாரிகள் கடைக்காரர்களுக்கு உத்தரவிட்டார்கள். நெரிசலைக் குறைப்பது அவர்களுடைய நோக்கம். இதற்கு ஒருவர் ‘நெரிசலைக் குறைக்கும் பொருட்டுக் கடைக்காரர்களுக்கு உத்தரவு’ என்று தலைப்பிட்டிருந்தார். மற்றொருவர் அதைச் சுருக்கி, ‘நெரிசலைக் குறைக்கக் கடைக்காரர்களுக்கு உத்தரவு’ என்று மாற்றினார். இப்போது பொருள் மாறிவிட்டது. நெரிசலைக் குறைப்பதே கடைக்காரர்களின் பொறுப்பு என்று தலைப்பு சொல்கிறது. உண்மையில் அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு பொருள்களை அகற்றுவதுதான். ‘நடைபாதைப் பொருள்களை அகற்றக் கடைக்காரர்களுக்கு உத்தரவு’ என்பதே சரியான தலைப்பு. நோக்கத்தைச் செய்தியின் முதல் வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

‘க்காக’, ‘க்கு’: ஒன்றுதானா?

பெயர்ச்சொல்லோடு நோக்கத்தைச் சொல்ல ‘க்காக’ என்ற வடிவம் பயன்படுகிறது. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ என்பதற்கே ‘பொருட்டு’ என்ற பொருள் உண்டு என்று நன்னூல் கூறுகிறது. ஆகவே, பல இடங்களில் ‘ஆக’ இல்லாமலேயே நோக்கம் விளங்கிவிடும். ‘மேல்சிகிச்சைக்காக வெளிநாடு பயணம்’ என்பதை ‘மேல்சிகிச்சைக்கு வெளிநாடு பயணம்’ என்று எழுதலாம். ‘தீபாவளியை முன்னிட்டுச் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு’ என்பதைத் ‘தீபாவளிக்கு ஒளிரும் சிராங்கூன் சாலை’ என்று எழுதலாம்.

ஆனால், எல்லா இடங்களிலும் ‘ஆக’வை வெட்டிவிட முடியாது. ஒரு பள்ளி மாணவர்கள் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்ட நெடுநடை சென்றார்கள். அவர்கள் நடந்தது கடற்கரைப் பூங்காவில். இதன் தலைப்பு:

சிறுவர் இல்லத்துக்காக மாணவர்கள் நெடுநடை

இதில் ஓர் எழுத்தை மிச்சப்படுத்த நினைத்து, ‘சிறுவர் இல்லத்துக்கு மாணவர்கள் நெடுநடை’ என்று எழுதினால், மாணவர்கள் சிறுவர் இல்லம்வரை நடந்துபோனார்கள் என்றாகிவிடும். ‘கு’ உருபு இடத்தோடு சேர்ந்து, செல்லுதலைக் குறிக்கும் சொல்லும் அருகில் இருந்தால், அது போய்ச்சேரும் இடத்தையே காட்டும். நன்மை பெறுபவரைக் காட்ட அங்கே ‘ஆக’ தேவை. பயணம், ஓட்டம், ஊர்வலம், நெடுநடை ஆகிய சொற்கள் தலைப்பில் இருந்தால் இதைச் சரிபார்க்க வேண்டும்.

‘காரணமாக’ தேவைப்படும் இடம்

‘ஆல்’ எப்போதும் ‘காரணமாக’ என்பதைவிடச் சுருக்கமானது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. காரணங்கள் பல இருக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

மழை, காற்று, மின்தடை ஆகியவற்றால் ரயில் சேவை தாமதம்
மழை, காற்று, மின்தடை காரணமாக ரயில் சேவை தாமதம்

‘ஆகியவற்றால்’ என்பதில் 7 எழுத்துகள்; ‘காரணமாக’ என்பதில் 5. இங்கே ‘காரணமாக’ என்பதுதான் குறுகியது. பட்டியலின் ஈற்றில் அது உருபு ஏதும் இல்லாமல் அப்படியே வந்து நிற்கிறது. ஆகவே, தலைப்பை இருவகையாகவும் எழுதி, எண்ணிப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

இன்னொரு சிக்கல், ‘ஆல்’ உருபு மனிதரைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது எழுகிறது. ‘ஆல்’ காரணத்தை மட்டுமன்றி, செயலைச் செய்தவரையும் காட்டும். ‘தச்சனால் செய்யப்பட்ட நாற்காலி’ என்பதில் ‘ஆல்’ செய்தவரைக் காட்டுகிறது. இதனால், ‘ஓட்டுநர் பற்றாக்குறை காரணமாகப் பேருந்துச் சேவை குறைப்பு’ என்ற தலைப்பைச் சுருக்க நினைப்பவர் எதை வெட்டுகிறார் என்பது முக்கியம். ‘ஓட்டுநர்களால் பேருந்துச் சேவை குறைப்பு’ என்று எழுதினால், ஓட்டுநர்களே சேவையைக் குறைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் ஏறிவிடும். காரணம் ஓட்டுநர்கள் அல்லர். அவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லாமையே. ‘ஓட்டுநர் பற்றாக்குறையால் பேருந்துச் சேவை குறைப்பு’ என்பதே சரி. சுருக்கும்போது ‘காரணமாக’ என்ற சொல்லை நீக்கலாம். உண்மையான காரணத்தை நீக்கிவிடக்கூடாது.

காரணம் உறுதியாகாதபோது

புகைமூட்டச் செய்தியில் காரணத்தில் ஐயம் இல்லை. பள்ளிகளை ஏன் மூடினார்கள் என்பதை முடிவெடுத்த அமைச்சே சொல்லிவிட்டது. ஆனால், எல்லாச் செய்திகளிலும் காரணம் இவ்வாறு கையில் கிடைப்பதில்லை.

ஓர் அடுக்குமாடி வீட்டில் இரவில் தீப்பிடிக்கிறது. தீயணைப்பாளர்கள் தீயை அணைத்து, ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். வீட்டின் கூடத்தில் எரிந்துபோன மின்ஸ்கூட்டர் ஒன்று கிடக்கிறது. அதற்கு மின்னூட்டம் செய்துகொண்டிருந்ததாக அண்டைவீட்டார் ஒருவர் செய்தியாளரிடம் கூறுகிறார். தீக்கான காரணம் ஆராயப்படுவதாக அதிகாரிகள் தெரிவிக்கிறார்கள். செய்தியாளர் தலைப்பை இப்படி எழுதி அனுப்புகிறார்:

மின்ஸ்கூட்டரால் வீட்டில் தீ, ஒருவர் மருத்துவமனையில்

தலைப்பு சுருக்கமாக இருக்கிறது. ஆனால், அதிகாரிகள் சொல்லாத ஒன்றை அது உறுதியாகச் சொல்கிறது. நாளை விசாரணையில் சமையலறையில்தான் தீ தொடங்கியது என்று தெரிய வந்தால், அந்த வீட்டுக்காரர் தம் கவனக்குறைவால் தீயை மூட்டியவர் என்ற பெயரை வீணாகச் சுமந்திருப்பார். திருத்தம் பின்னர் வெளிவரலாம். எனினும், முதல் தலைப்பைப் பார்த்த எல்லாரும் திருத்தத்தையும் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

‘ஆல்’ என்பதற்குப் பதிலாகக் ‘காரணமாக’ என்று எழுதினாலும் இதே தவறுதான். முக்காற்புள்ளி இட்டு, ‘மின்ஸ்கூட்டர்: வீட்டில் தீ’ என்று எழுதினாலும் தப்ப முடியாது. எழுதியவர் காரணம் என்று சொல்லாவிட்டாலும், வாசகர் அப்படித்தான் இணைத்துப் படிப்பார். இத்தகைய நேரத்தில் துணையாசிரியர் காரணத்தைச் சுருக்குவதில்லை, தலைப்பிலிருந்தே எடுத்துவிடுகிறார்:

வீட்டில் தீ, ஒருவர் மருத்துவமனையில்

செய்தியின் உள்ளே, ‘தீக்கான காரணம் ஆராயப்படுகிறது’ என்ற வாக்கியம் இடம்பெறும். எரிந்த மின்ஸ்கூட்டர் கூடத்தில் கிடந்தது என்பது கண்ணால் கண்ட செய்தி. அதைத் தனி வாக்கியமாகச் சொல்லலாம்.

இங்கே ‘தொடர்ந்து’, ‘அடுத்து’ என்ற சொற்களின் பயனும் விளங்கும். ‘தீச்சம்பவத்தைத் தொடர்ந்து குடியிருப்பாளர்கள் வெளியேற்றம்’ என்பதில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. இவை காலவரிசையைக் காட்டும் சொற்கள். காரணம் உறுதியாகத் தெரிந்த இடத்தில் ‘தொடர்ந்து’ என்று எழுதினால் செய்தி மழுங்கிவிடும். தெரியாத இடத்தில் ‘ஆல்’ என்று எழுதினால் செய்தி பொய்யாகிவிடக்கூடும்.

குறுஞ்செய்தியில் அடுக்கிவரும் காரணங்கள்

தலைப்பில் ஒரு காரணம்தான் வரும். செய்தியின் முதல் வாக்கியத்திலோ காரணத்திற்குக் காரணம், அதற்கும் காரணம் என்று அடுக்கிவிடும் பழக்கம் உண்டு. மீண்டும் புகைமூட்டச் செய்திக்கு வருவோம். அதன் முதல் வரைவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

அண்டை நாட்டில் ஏற்பட்ட காட்டுத் தீயின் காரணமாக உருவான புகைமூட்டத்தின் காரணமாகக் காற்றின் தரம் மோசமடைந்துள்ள காரணத்தினால், மாணவர்களின் உடல்நலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் நாளை மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்துள்ளது.

இதில் 27 சொற்கள் உள்ளன. ‘காரணம்’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. பள்ளிகள் என்ற சொல்லை எட்ட வாசகர் 19 சொற்களைக் கடக்க வேண்டும்.

இதை மூன்று படிகளில் திருத்தலாம். முதலில், செய்தியின் மையம் எதுவென்று பார்க்க வேண்டும். பள்ளிகள் மூடப்படுவதே மையம். அது முன்னால் வர வேண்டும். அடுத்து, நோக்கத்தைக் குறுகிய எச்சமாக்கித் தனி வாக்கியத்தில் வைக்க வேண்டும். ‘பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கத்துடன்’ என்பது ‘காக்க’ என்றாகும். இறுதியாக, மூன்று காரணங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காட்டுத் தீ, புகைமூட்டம், காற்றின் தரம் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. எல்லாவற்றிற்கும் ‘காரணமாக’ என்று ஒட்டத் தேவையில்லை. ஓரிடத்தில் ‘ஆல்’, ஓரிடத்தில் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இருந்தால் போதும்.

தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் நாளை மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. மாணவர்களின் உடல்நலம் காக்க இம்முடிவு எடுக்கப்பட்டது. அண்டை நாட்டுக் காட்டுத் தீயால் புகைமூட்டம் சூழ்ந்து, காற்றின் தரம் மோசமடைந்துள்ளது.

இப்போது சொற்கள் 23. நான்கு சொற்களே குறைந்திருக்கின்றன. ஆனால், படிப்பவருக்குக் கிடைக்கும் பயன் அதைவிடப் பெரிது. செய்தியின் மையம் முதல் ஐந்து சொற்களுக்குள் வந்துவிட்டது. ‘சூழ்ந்து’ என்ற எச்சம் ஒன்றை அடுத்து ஒன்று நடந்ததையும், முன்னது பின்னதற்கு வழிவிட்டதையும் ஒருசேரக் காட்டுகிறது. இடப்பற்றாக்குறை ஏற்பட்டால் கடைசி வாக்கியத்தை நீக்கினாலும் செய்தி குறைபடாது. முதல் வரைவில் அப்படி எதையும் எளிதில் வெட்ட முடியாது.

வெட்டிய இடத்தில் சந்தி

சொற்களை நீக்கும்போது அடுத்த சொல்லின் தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘காரணமாகப் பள்ளிகள்’ என்பதில் ‘ப்’ மிகுந்தது. ‘புகைமூட்டத்தால் பள்ளிகள்’ என்று மாற்றிய பின் அந்த ‘ப்’ அங்கே நிற்கக்கூடாது. ‘ஆல்’ உருபுக்குப் பின் வல்லினம் மிகாது. ‘செய’ எச்சத்திலோ வல்லினம் மிகும். ‘குறைப்பதற்காகப் புதிய திட்டம்’ என்பதைச் சுருக்கினால் ‘குறைக்கப் புதிய திட்டம்’ என்று எழுத வேண்டும். ‘கு’ உருபுக்குப் பின்னும் வல்லினம் மிகும்: ‘மாணவர்களுக்குப் புதிய திட்டம்’. பெரிய எழுத்தில் அச்சாகும் தலைப்பில் ஒரு சந்திப் பிழை இருந்தாலும் அது எல்லார் கண்ணிலும் படும்.

1935ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் முரசு போன்ற நாளிதழ்களில், ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் பத்தியின் அகலம்தான் தலைப்பின் எல்லையாக இருந்தது. இன்று கைப்பேசித் திரையின் அகலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லை மாறினாலும் துணையாசிரியர் தலைப்பை அனுப்புவதற்குமுன் பார்ப்பவை இரண்டுதாம். ‘காரணமாக’, ‘பொருட்டு’ என்பவற்றை எடுத்த பின்னும் தலைப்பு அதே செய்தியைச் சொல்கிறதா? ‘ஆல்’ என்று எழுதிய இடத்தில், அதுதான் காரணம் என்று யார் சொன்னார்? இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையென்றால், அந்த ‘ஆல்’ தலைப்பிலிருந்து வெளியேற வேண்டியதுதான்.

சிந்தித்து விடையளி

1. ‘சாலைப் பணிகளின் காரணமாகப் பேருந்துகள் மாற்றுவழியில் செல்லும்’ என்பதை ஐந்து சொற்களுக்கு மிகாத தலைப்பாக மாற்றுக. சந்தியைச் சரிபார்க்க.

2. ‘முதியோருக்காக மாணவர்கள் ஓட்டம்’ என்ற தலைப்பில் ‘ஆக’ என்பதை நீக்கலாமா? காரணம் கூறுக.

3. ‘அதிவேகத்தால் விபத்து, மோட்டார்சைக்கிளோட்டி காயம்’ என்று ஒரு செய்தியாளர் எழுதினார். விபத்துக்கான காரணத்தைக் காவல்துறை இன்னும் அறிவிக்கவில்லை. தலைப்பைத் திருத்தி எழுதுக. நீக்கிய சொல்லை ஏன் நீக்கினாய் என்பதை விளக்குக.